கோழிக்குஞ்சு வந்ததைச் சொல்லாத போன்

செத்த கோழிக்குஞ்சு ஒன்று கிடந்தால் நாற்றம் தெரியாது. நூறு குஞ்சு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் மே மாத வெயிலில் வெந்து, அந்தப் பெட்டியை ஒரு பெண் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து உங்கள் மேஜைமேல் இறக்கினால் தெரியும். எனக்குத் தெரியும். இத்தனை வருடம் கழித்தும் போன் 'டிங்' என்றால் எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது. தப்பு போன்மேல் இல்லை. எங்கள்மேல்தான்.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு கோழிக்குஞ்சு வியாபாரியிடம் வேலை பார்த்தேன். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ். கைக்குக் கை டச் போன் வந்துவிட்ட காலம். முதலாளிக்கும் ஆப் ஆசை பிடித்தது. கம்ப்யூட்டர் படித்தவள் நான் ஒருத்திதான். என் தலையில் கட்டினார். நானும் பெருமையாகத்தான் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை இதுதான். நாமக்கல் பக்கமிருந்து குஞ்சு ஏற்றிய வண்டி வரும். விக்கிரவாண்டி, மயிலம், கண்டாச்சிபுரம் என்று ஊருக்கு ஒரு கடையில் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போகும். ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து ஆர்டர் நம்பரைக் காட்டி எடுத்துப்போக வேண்டும். முன்பெல்லாம் டிரைவரே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "குஞ்சு இறக்கிட்டேன், ஜல்தி வாங்க" என்பார். அதற்குப் பதிலாகத்தான் ஆப். ஊருக்கு ஒரு டாபிக், அதாவது அறிவிப்பு போய்ச்சேர வேண்டிய போன்களின் பட்டியல், வைத்தேன். விக்கிரவாண்டியில் எடுப்பவரின் போன் 'விக்கிரவாண்டி' டாபிக்கில் சேர்ந்துவிடும். வண்டி அங்கே இறக்கியதும் அந்த டாபிக்குக்கு நான் ஒரே ஒரு அறிவிப்பு அனுப்பினால் போதும், சேர்ந்திருக்கும் எல்லாப் போனுக்கும் போய்விடும். தீவனம், மருந்து விளம்பரத்துக்கு 'சலுகை' என்று தனி டாபிக். இரண்டுக்கும் ஆப்பில் தனித்தனி பட்டன். வேண்டாம் என்றால் தள்ளிவிடலாம், பச்சை சாம்பல் நிறமாகும், போன் அந்த டாபிக்கிலிருந்து விலகிவிடும்.

பெட்டியோடு வந்தாரே, அந்த அக்கா விக்கிரவாண்டிக்கு உள்ளே ஒரு கிராமம். மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை வயலில், களையெடுத்து முட்டி தேய்ந்தவர். இனி குனிய முடியாது என்று நூறு நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு ஆர்டர் கொடுக்க வந்தார். கூடையெல்லாம் முடைந்து வைத்துவிட்டாராம். "இது மட்டும் தேறிட்சின்னா நான் கொல்லைக்கே போமாட்டேன் கண்ணு" என்றார். அவர் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தது நான்தான்.

ரெண்டே நாளில் போன் பண்ணினார். "இன்னா கண்ணு, காலையில தீவனம், சாயங்காலம் தீவனம். குஞ்சுதான் வந்துட்சோன்னு ஓடியாந்து பாத்தா இந்தக் கருமம். பேஜாரா கீது."

"அக்கா, செட்டிங்ஸ்ல போங்க. சலுகைன்னு ஒரு பச்சைப் பட்டன் இருக்கும். அதை இந்தப் பக்கம் தள்ளுங்க."

"ஆமாம்மா, வெளுத்துப் போச்சு."

"அவ்ளோதான், இனிமே வராது."

வராது என்று வாய் நிறையச் சொன்னேன். அவரைப்போலவே எல்லோரும் அணைத்திருப்பார்கள் போல. தீவனம் கேட்டு ஒரு ஈ காக்கை வரவில்லை. முதலாளி என் மேஜைக்கு வந்து நின்றார்.

"இன்னாம்மா, அவனவன் ஆஃப் பண்ணிக்கினு உக்காந்துகினு கீறான். வண்டி வர்ற மெசேஜை எவனும் ஆஃப் பண்ணமாட்டான்ல? அதுலயே தீவனத்தையும் போட்டு உடு."

"சார், வேணாம்னவங்களுக்கு அனுப்புறது தப்பு சார். அப்புறம் அதையும் அணைச்சிடுவாங்க."

"குஞ்சு வேணும்ன்றவன் அணைப்பானா? மூளை இருக்குதா உனக்கு? சொன்னத செய்."

செய்தேன். டாபிக் பெயர் இருந்த ஒரு வரியை மாற்றினேன், அவ்வளவுதான். வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர்கள் வீட்டில் கொல்லைப்புறமாக நுழைவது மாதிரி இருந்தது. சீ என்று ஆனது. ஆனாலும் செய்தேன். ஆப் வந்த பிறகும் பழக்கத்தில் போன் போட்டுக்கொண்டிருந்த டிரைவரிடம் அதே வாரம், "ஆப்தான் இருக்குதே, நீ எதுக்கு போன் போட்டுக்கினு லேட் பண்ற?" என்று அந்தப் பழக்கத்தையும் நிறுத்தினார் முதலாளி.

அடுத்த நடை வண்டி 'புதன் அல்லது வியாழன்' என்று போட்டிருந்தோம். புதன்கிழமை காலையிலேயே விக்கிரவாண்டியில் இறக்கிவிட்டது. நான் அறிவிப்பு அனுப்பினேன். மற்றவர்கள் வந்து எடுத்துப்போனார்கள். ஒரு பெட்டி மட்டும் நின்றுவிட்டது. கடைக்காரர் காலையில் நிழலில்தான் வைத்திருந்தார். பத்து மணிக்குமேல் நிழல் நகர்ந்துவிட்டது. பெட்டியில் ஆர்டர் நம்பர் மட்டும்தான் ஒட்டியிருந்தோம், போன் நம்பர் கிடையாது. அவர் யாரைக் கூப்பிடுவார்?

வியாழக்கிழமை அக்கா தானாகவே கடைக்கு வந்து பார்த்திருக்கிறார். அங்கிருந்து பெட்டியோடு நேராக எங்களிடம் வந்துவிட்டார். அழவில்லை. மூடியைத் திறந்து காட்டினார். மஞ்சளும் கறுப்புமாக ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, "முதல்ல இதை வெளியில வை" என்றார்.

"வேற குஞ்சு குடுங்க சாமி. வண்டி வந்ததே எனுக்குத் தெரியாது."

"மெசேஜ் அனுப்பிட்டோம். வந்து எடுக்காதது உன் தப்பு." என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா, புதன்கிழமை மெசேஜ் போச்சா இல்லையா?"

என் திரையில் 'விக்கிரவாண்டி, அனுப்பப்பட்டது' என்று இருந்தது. டாபிக்குக்குப் போனது என்றுதான் அதற்கு அர்த்தம். யார் போனில் விழுந்தது, யார் விலகிவிட்டார்கள் என்று அது சொல்லாது. விலகியவர்களைத் தனியாகக் குறித்துவைத்து, அவர்களுக்குப் போன் போடும்படி செய்திருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. இதையெல்லாம் அந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

"போச்சு சார்" என்றேன்.

"கேட்டுக்கினியா?" என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போய்விட்டார்.

அக்கா போனை என்னிடம் நீட்டினார். செட்டிங்ஸைத் திறந்தேன். இரண்டு பட்டனும் சாம்பல்.

"அக்கா, இதை ஏன் அணைச்சீங்க? வண்டி வர்றதைச் சொல்றது இதுதானே?"

"மறுபடியும் தீவனம் தீவனம்னு வந்துகினே இருந்துச்சே கண்ணு. நீ அன்னிக்கு போன்ல சொல்லிக் குடுத்தல்ல? அதேமாரி இதையும் தள்ளுனேன். சரியாத்தான தள்ளுனேன்?"

"சரியாத்தான்கா தள்ளுனீங்க."

அந்தப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போனார். எங்கள் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாவது போயிருக்கலாம். மறுநாளிலிருந்தே மறுபடி களையெடுக்கப் போய்க்கொண்டிருக்கிறார் என்று பிறகு அந்தக் கடைக்காரர் சொன்னார்.

அக்கா பெட்டியோடு வந்துபோன அன்றே மாலை நான்கு மணிக்கு முதலாளி மறுபடி என் மேஜைக்கு வந்தார். "வெயில் காலம், குஞ்சு சாவாம இருக்க மருந்து வந்துகீது. எல்லா ஊருக்கும் போடு." மேஜையைத் துடைத்த பினாயில் இன்னும் காயவில்லை. தூ என்று அவர் முகத்தில் துப்பியிருக்க வேண்டும். நான் எழுதினேன். விக்கிரவாண்டி டாபிக்கையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. அந்த அக்காவின் போனுக்கு மட்டும் அது போயிருக்காது.