மகமையில் போன வரி

அறுபதுகளின் கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு கருவாட்டு மண்டியில் கணக்கெழுதினேன். முதலாளியும் அவர் தம்பியும் கூட்டு. ஊர் லேடி டாக்டர் தன் சேமிப்பை மண்டியில் வட்டிக்குப் போட்டிருந்தார். கூட்டு வியாபாரத்தில் இப்படி வட்டி கொடுத்தால் வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. பிடித்ததைக் கஜானாவில் கட்ட வேண்டும், வட்டி வாங்கியவருக்குச் சான்று தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. எங்கள் மண்டி பிடிப்பது வரைக்கும் படித்து, பாக்கியை மூடிவைத்தது.

வட்டி இரண்டாயிரம். இருநூறைப் பிடித்துக்கொண்டு மீதியை டாக்டருக்குக் கொடுத்தோம். இருநூறை எதில் வரவு வைப்பது என்று முதலாளியைக் கேட்டேன்.

“சரக்குப் போடுறவுககிட்ட மூட்டைக்கு இம்புட்டுன்னு பிடிக்கிறோமே, அத எதுல எழுதுறீக?”

“மகமையில.”

“பெறகென்ன?”

மகமை தருமத்துக்கென்று ஒதுக்கும் பணம். ‘இது சர்க்காருக்குக் கட்ட வேண்டியது, தனிக் கணக்கு வேண்டும்’ என்று சொல்ல வாயெடுத்தேன். சம்பளத்துக்கு இரண்டே நாள் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருஷம் முதலாளியின் மகன் டைபாய்டில் பிழைத்திருந்தான். ஏர்வாடி தர்காவில் ஏழைகளுக்குச் சோறு போடுவதாக அவர் நேர்ந்திருந்தார். மகமையை வழித்தெடுத்துப் போட்டார். ஊரே வாழ்த்தியது. நானும் வெட்கமில்லாமல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு டாக்டருக்கு வரி ஆபீஸ் கடிதம் வந்தது. பிடித்த வரிக்குச் சான்று காட்டினால் கழிப்போம், இல்லாவிட்டால் முழுசும் கட்டு, பதினைந்து நாள் தவணை. அவர் தன் கணக்கு நோட்டோடு மண்டிக்கு வந்துவிட்டார். அதில் வட்டி வருமானம் இரண்டாயிரம், கைக்கு வந்தது ஆயிரத்து எண்ணூறு, வரியில் கழிக்க வரவேண்டியது இருநூறு என்று அச்சடித்தாற்போல எழுதியிருந்தது. எங்களை அவ்வளவு நம்பியிருந்தார், பாவம்.

“கட்டுன செலானக் காட்டுங்க பாய்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேரேட்டைப் பார்த்தேன்.

“மகமையில எழுதி, ஏர்வாடிச் சோத்துல செலவாயிருச்சும்மா” என்றேன்.

“நல்லது. எங்காசுல தருமம் நடந்துருக்கு. வரி ஆபீசர்ட்ட அதுக்கு யாரு சான்று குடுப்பா?”

முதலாளியின் முகம் வெளுத்தது. வரிக்காக இல்லை. “அப்ப என் நேர்ச்சை?” என்று என்னைக் கேட்டார்.

“மகமை சரக்குக்காரவுக பணம். மிச்சம் டாக்டரம்மா பணம். ஒங்க பணம் அதுல ஒரு ரூவாகூட இல்ல முதலாளி.” இத்தனை நாள் அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. சொல்லி முடித்ததும் பயமாக இருந்தது.

மகமைக் கணக்கில் இருநூறைப் பற்று எழுதி, சர்க்காருக்குக் கட்ட வேண்டிய வரி என்று புதுக் கணக்கில் வரவு வைத்தேன். மகமைதான் காலியாயிற்றே, அந்தப் பள்ளத்தை முதலாளி சொந்தப் பணத்தால் நிரப்பினார். தாமத வட்டியும் கொடுத்தார். கஜானாவில் கட்டியதும் புதுக் கணக்கு நேரானது. தவணைக்கு மூன்று நாள் முன்பே டாக்டருக்குச் சான்று போய்விட்டது.

மறு வாரம் முதலாளி வீட்டிலிருந்து பணம் கொண்டுவந்து, ஏர்வாடிக்கு அரிசி வாங்கச் சொல்லி என்னிடம் எண்ணிக் கொடுத்தார்.

“இத எதுல எழுத?” என்றேன், பழக்கதோஷம்.

“எதுலயும் எழுதாதீக” என்றார். “இது எம் மகனுக்கு.”