மழைப்பாட்டை எந்த மெட்டில் பாடினார்கள்?

1. பதினேழாம் பக்கம்

பாட்டு டீச்சராக நான் செய்த முதல் வேலை பாட்டுச் சொல்லிக்கொடுப்பதல்ல. ஒரு பாட்டை விசாரித்தது. இன்றைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். 1942-இல் எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். நான் சாந்தோம் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவள். பெயர் பிலோமினா. வயது இருபத்தொன்று. கோயில் பாடல்குழுவில் ஆர்மோனியம் வாசித்த ஒரே தகுதியில் டெம்ப்ரரி பாட்டு டீச்சராகச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் காமாட்சி டீச்சர். அவரைச் செப்டம்பர் மாதம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மாதங்களில் ஊரில் யாரும் யாரையும் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை.

சேர்ந்த நான்காம் நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் அலமேலு அம்மாள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜைமேல் நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், பதினேழாம் பக்கம் திறந்திருந்தது.

"இந்தப் பாட்டைக் காமாட்சி என்ன மெட்டுல சொல்லிக்கொடுத்தாள்னு நீ கண்டுபிடிச்சுச் சொல்லணும். மூணு வாரம் டைம் குடுத்திருக்கா. இன்ஸ்பெக்ட்ரஸ் வரா."

"அவங்களையே கேக்கலாமே, மேடம்?"

"கேட்டாச்சு. கும்மி மெட்டுங்கறா. குத்தம் சாட்டினவா பேச்சை நம்புவா, சாட்டப்பட்டவா பேச்சை யார்டி நம்புவா?"

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்து ஜன்னலோரம் தெருவில் போன யாரோ ஒரு பெரிய மனிதர், பிள்ளைகள் மழைப்பாட்டைப் பாடுவதைக் கேட்டாராம். வார்த்தைகள் பாடப்புத்தகத்து வார்த்தைகள்தான், மெட்டு மட்டும் ஆகஸ்ட் மாதம் 'வெள்ளையனே வெளியேறு' ஊர்வலங்களில் பாடிய பாட்டின் மெட்டு என்று எஜுகேஷன் டிபார்ட்மெண்டுக்கு எழுதிப் போட்டுவிட்டார். அந்த ஊர்வலப் பாட்டைத் தெருவில் பாடினால் தடியடி. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தால்? காமாட்சி டீச்சரின் சர்டிபிகேட்டையே ரத்து செய்வார்கள், பிறகு எந்தப் பள்ளியும் அவரைச் சேர்க்காது. பத்து வயதில் கல்யாணம், பன்னிரண்டில் கணவர் இறந்துபோனார், வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. அந்தச் சர்டிபிகேட்தான் அவருக்கு எல்லாம்.

எனக்கும் ஒன்று இருந்தது. அவர் திரும்பி வராவிட்டால் வேலை எனக்கு நிரந்தரம். அதை ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லவில்லை. சொல்லாமலே இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

2. அச்சில் இருந்தது, இல்லாதது

பாட்டு இதுதான்:

கொட்டி முழக்குது வானமடி - எங்கள்
குட்டை குளமும் நிறையுதடி

சாதாரணமாகப் பாட்டுக்கு மேலே சிறிய எழுத்தில் ராகம், தாளம், அல்லது "இன்ன மெட்டு" என்று போட்டிருப்பார்கள். யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டில் புத்தகத்தை ஒல்லியாக்கியபோது அந்த வரி போய்விட்டது. இருந்திருந்தாலும் பெரிய பிரயோஜனமில்லை. புத்தகத்தில் போட்டிருப்பது பாடவேண்டிய மெட்டு. வகுப்பில் பாடிய மெட்டுக்கு அது சாட்சியாகாது.

வார்த்தைகளைப் பிரித்துப் பார்த்தேன். புள்ளி எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் கொட்டிமு, ழக்குது, வானம என்று மூன்று மூன்று எழுத்தாக விழுகிறது. நாலாவது இடத்தில் 'டி'. அதோடு 'எங்கள்' சேர்ந்து மறுபடி மூன்று. கும்மிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அப்பாடா என்று ஆர்மோனியத்தைத் திறந்தேன்.

ஊர்வலப் பாட்டின் மெட்டையும் மெல்ல வாசித்துப் பார்த்தேன். அதிலும் வார்த்தைகள் அப்படியே உட்கார்ந்தன. கும்மி மூன்று எண்ணிக்கை நடை, மூன்று எழுத்தும் சமமாக ஓடும். ஊர்வலப் பாட்டு கால் எடுத்து வைக்கிற நாலு எண்ணிக்கை. முதல் எழுத்தைக் கொஞ்சம் இழுத்து 'கொட்ட்-டிமு' என்றால் நாலு சரியாகிவிடும். போதாக்குறைக்கு 'முழக்குது' வரை இரண்டு மெட்டும் ஒன்றுபோலவே பஞ்சமத்துக்கு ஏறும். 'வானமடி'யில்தான் பிரியும். கும்மி கீழே ரிஷபத்துக்கு இறங்கும், ஊர்வலப் பாட்டு இன்னும் ஏறி மேல் ஸட்ஜத்தில் நிற்கும். தெருவில் போனவர் பாதி வரி கேட்டிருந்தால் போதும்.

எழுத்தை எண்ணினால் எந்தெந்த மெட்டு பொருந்தும் என்று தெரியும். எதில் பாடினார்கள் என்று தெரியாது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

3. நான் செய்த முட்டாள்தனம்

பிள்ளைகளைக் கேட்கலாமென்று போனேன். நாலாம் வகுப்பில் முப்பத்திரண்டு பெண்கள். "மழைப்பாட்டைப் பாடுங்க" என்றேன். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. டீச்சரை அனுப்பியது இந்தப் பாட்டால்தான் என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைச் சாத்திவிட்டு, "இப்படியா, இப்படியா?" என்று இரண்டு மெட்டையும் நானே பாடிக் காட்டினேன். முதலில் கும்மி. முப்பத்திரண்டு முகமும் மரமாக இருந்தது. அடுத்து ஊர்வல மெட்டு. மேல் ஸட்ஜம் வந்ததும் பின்வரிசையில் ஒருத்தி தலையாட்டினாள். பக்கத்திலிருந்தவள் கூடச் சேர்ந்தாள். "இதுதான் டீச்சர், இதுதான்!" என்று வகுப்பே கத்தியது.

அன்று மாலை ஹெட்மிஸ்ட்ரஸிடம், "ஊர்வல மெட்டுதான் போல இருக்கு, மேடம்" என்று சொல்லியும் விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு உள்ளே ஒரு மூலையில், வேலை நமக்குத்தான் என்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இதை ஒளிக்க விரும்பவில்லை.

மறுநாள் இடைவேளையில் ஆயா முனியம்மா ஓடிவந்தாள்.

"இன்னா டீச்சரம்மா இது! கொயந்திங்க கைய புடிச்சிக்கினு அந்தப் பாட்ட பாடிக்கினு கீதுங்க! எதிர்க்க போலீஸ்காரன் சைக்கிள வுட்டு எறங்கி நிக்கிறான்!"

போய்ப் பார்த்தால் மரத்தடியில் பத்துப் பதினைந்து பெண்கள். மழைப்பாட்டின் வார்த்தை, ஊர்வல மெட்டு. நேற்று நான் பாடியபோது 'வானமடி'யில் ஸட்ஜத்தைத் தொடுமுன் கழுத்தைச் சொடுக்கி ஒரு வளைவு போட்டிருந்தேன். அது கோயில் பாடல்குழுவில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம், ஊர்வலத்தில் யாரும் அப்படிப் பாடுவதில்லை. அந்த வளைவும் அப்படியே வந்தது.

அவர்கள் காமாட்சி டீச்சரை நினைவுபடுத்திச் சொல்லவில்லை, என்னைத் திருப்பிப் பாடுகிறார்கள். ஒரு குற்றத்தைத் தேடப் போய் அதை நானே செய்திருக்கிறேன். முப்பத்திரண்டு சாட்சிகளையும் ஒரே மத்தியானத்தில் கெடுத்துவிட்டேன்.

4. வசந்தாவின் புத்தகம்

இனி என் குரல் படாத ஒரு பிள்ளை வேண்டும். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். வசந்தா என்ற பெண்ணுக்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஆப்சென்ட். கலவரத்துக்குப் பயந்து அவள் அப்பா குடும்பத்தைச் செங்கற்பட்டுக்கு அனுப்பியிருந்தார். மழைப்பாட்டு நடந்ததும், தெருவில் போனவர் அதைக் கேட்டதும் ஆகஸ்ட் நடுவில். பாட்டுக்கு இருந்தாள், என் கூத்துக்கு இல்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் வர மூன்று நாள் இருக்கும்போது அவர்கள் ஆழ்வார்பேட்டைக்குத் திரும்பினார்கள் என்று தெரிந்து, பள்ளி விட்டதும் நடந்தே போனேன். வழியெல்லாம் பின்னால் யாரோ வருவதுபோலவே இருந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு போனேன், தப்பித்தவறிக்கூட முணுமுணுக்கக் கூடாதென்று.

அவள் அம்மா முன்னிலையில் கேட்டேன். பாடச் சொல்லவில்லை.

"வசந்தா, மழைப்பாட்டுக்கு எப்படி உக்காருவீங்க?"

"எதிரும் புதிருமா, டீச்சர்."

"கைய என்ன பண்ணுவீங்க? சத்தம் வேண்டாம். வாய மட்டும் அசைச்சுக் கைய தட்டு."

தட்டினாள். கொட், ழக், வா, டி. ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு தட்டு. அது எனக்குப் போதாது. ஊர்வலக் காலும் அதே எழுத்தில்தான் விழும். நான் உதட்டைப் பார்த்தேன். இரண்டு தட்டுக்கு நடுவே மூன்று அசைவும் சமமாக இருந்தது. எங்கேயும் இழுக்கவில்லை. மூன்று நடை.

பிறகு அவளே உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தாள். பதினேழாம் பக்கத்தில் பென்சில் கோடுகள். தட்டு விழும் எழுத்தின் கீழே புள்ளி. வார்த்தையின் மேலே சாய்ந்த கோடு.

"இது என்னம்மா?"

"குரல் ஏறற எடத்துல மேல போற கோடு, எறங்கற எடத்துல கீழ வர கோடு. காமாட்சி டீச்சர் போர்டுல போடுவா, நாங்க காப்பி பண்ணிப்போம்."

'முழக்குது' மேலே ஏறுகிற கோடு. 'வானமடி' மேலே, அழுத்தமாக, இறங்குகிற கோடு.

அங்கேயே அழுதுவிட்டேன். அவள் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

5. அந்த அறையில்

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளோடு இன்னொருவரும் வந்திருந்தார். பெயர் சொல்லவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்துகொண்டார். எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

புத்தகத்தைக் காட்டினேன். புள்ளியையும் கோட்டையும் விளக்கினேன். வசந்தாவைத் தட்டச் சொல்லி, கடைசியில் பாடச் சொன்னேன். 'வானமடி'யில் குரல் இறங்கியது. கும்மிதான்.

இன்ஸ்பெக்ட்ரஸ் தலையசைத்தார். நோட்டு வைத்திருந்தவர்தான் நிமிர்ந்தார்.

"கும்மின்னா, போன வாரம் இந்தக் காம்பவுண்டுல பசங்க பாடினது என்ன? அத யார் சொல்லிக்குடுத்தது?"

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்தார். தெரியாது என்று சொன்னால் பழி மறுபடி காமாட்சி டீச்சர் தலையில்தான் போய் விழும்.

"நான்தான் சார். இதுவான்னு கேக்கறதுக்குப் பாடிக் காட்டினேன். என்னைப் பாத்துத்தான் பாடினாங்க."

"உனக்கு எப்படித் தெரியும் அந்தப் பாட்டு?"

"தெருவுல காதுல விழுந்தது சார். காதுக்குக் கதவு இல்லையே."

அவர் சிரிக்கவில்லை. என் பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம், பங்குச் சாமியார் பெயர் எல்லாம் நிதானமாக எழுதிக்கொண்டார். அந்தப் பேனா காகிதத்தில் உரசிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பல வருஷம் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் அந்த நோட்டுதான் நினைவுக்கு வரும்.

6. கடைசி நாள்

காமாட்சி டீச்சர் திரும்பி வந்தார். எனக்கு எக்ஸ்டென்ஷன் கிடையாது என்று ஒரு வரியில் ஆர்டர் வந்தது. பிறகு அடையாறில் வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து அங்கேயே ரிடையர் ஆனேன். அங்கே என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்களுக்கெல்லாம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். மறந்துபோன மெட்டைக் கேட்கப் போனால் முதலில் நீ பாடாதே. கையைக் கேள், உதட்டைப் பார், புத்தகத்தின் ஓரத்தைப் பார். நீ பாடினால் உன் குரல்தான் திரும்பி வரும்.

அதை எங்கே கற்றுக்கொண்டேன் என்று இப்போது சொல்லிவிட்டேன். சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது.

பாட்டு அறைச் சாவியைக் கொடுக்கப் போன அன்று, காமாட்சி டீச்சர் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"பிலோமினா, நீ அதைப் பாடிக் காட்டினியாமே. எனக்கும் ஒரே ஒரு தரம் பாடேன்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"ஆத்தை விட்டா ஸ்கூல், ஸ்கூலை விட்டா ஆம். ஊர்வலத்தை நான் எங்கே கண்டேன்? எந்தப் பாட்டுக்காக என்னை வெளியே தள்ளினான்னு நான் ஒரு தரமாவது கேக்க வேண்டாமா?"

கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. நாலு வரி, அரை நிமிஷம் ஆகாது. என் கண் ஜன்னலுக்குப் போயிற்று, வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள்.

"மறந்துபோச்சு டீச்சர்" என்றேன்.

அவர், "போறது போ" என்று மறுபடி ஆர்மோனியத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நான் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.