மேல் ஸ இறங்கிய பெட்டி

என் பெரியப்பா மகள் நாச்சியம்மாள் கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ் ஏறி பீளமேட்டுக்கு வேலைக்குப் போகிறாள். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவள். மில்களுக்குச் சோதனைக் கருவி செய்யும் சின்னக் கம்பெனி அது. ஏழு பேர் போர்டில் ஈயம் உருக்கிச் சால்டரிங் வைப்பார்கள். சிப்புக்குள் போகும் புரோகிராமை எழுதுவது அக்கா மட்டும். ஊரில் அவள் வேலையைக் கேட்டால் பெரியம்மா "டேப்ரெக்கார்டர் மாதிரி ஏதோ" என்பார்.

போன வருஷம், தொண்ணூற்று நாலில், போத்தனூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். நூலின் ஈரம் பார்க்க, அதை நான்கு அடுப்புகளில் காய வைப்பார்கள். எந்த அடுப்பில் நூல் காய்ந்து முடிந்தாலும் பெட்டியிலுள்ள ஒரே பஸ்ஸர் அதற்குரிய மெட்டை வாசிக்கும். மூன்றாவது அடுப்புக்கு ஸ, ப, நி. நான்காவதற்கு ஸ, ப, மேல் ஸ. எந்த அடுப்பு என்று காட்ட விளக்கும் உண்டு, ஆனால் பெட்டி கதவோரம் இருந்ததால் எல்லாரும் காதையே நம்பினார்கள்.

ஒரு மாதம் கழித்து, சத்தம் பத்தவில்லை என்று மில்லிலிருந்து சொன்னார்கள். அந்தச் சின்னப் பஸ்ஸர் உயர்ந்த சுருதியில்தான் நன்றாகக் கத்தும். அக்காவின் அட்டவணையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு எண் இருந்தது: பஸ்ஸருக்குப் போகும் சிப்பின் காலை, அதாவது பின்னை, ஆன்-ஆஃப் மாற்றிப் போடுவதற்கு முன் டைமர் எத்தனை மைக்ரோசெகண்ட் எண்ண வேண்டும் என்பது. அந்த எண்களைப் பாதியாக்கினால் எல்லாம் ஒரு ஸ்தாயி ஏறும். பாதியாக்கினாள், சிப்பில் ஏற்றினாள், அனுப்பினாள். கணக்கு சரியாக இருந்ததால், சுருதியை எண்ணாகக் காட்டும் மீட்டரில் வைத்துப் பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் மில்லிலிருந்து அழைப்பு வந்தது. சோதனை அறையில் உதவிக்கு இருந்த மாரியாத்தாள் இரண்டு தடவை நான்காவதற்குப் பதில் மூன்றாவது அடுப்பைத் திறந்துவிட்டாராம். பாதி காய்ந்த நூலில் குளிர்காற்றுப் பட்டுச் சோதனை கெட்டது. அவருக்குக் காது போய்விட்டது என்று முடிவு கட்டி, கழிவுப் பஞ்சுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்கு ஏற்கெனவே இருமல் உண்டு. பஞ்சுத் தூசி ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் சோதனை அறைக்கே வந்திருந்தார்.

கம்பெனி முதலாளி கிருபாசங்கர் அக்காவிடம், மில்லில் அட்டவணை சரி என்று காட்டிவிட்டு வந்தால் போதும் என்றார். அட்டவணை சரியாகத்தான் இருந்தது. அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. அதே சிப்பைப் போல இன்னொன்று ஏற்றி மீட்டரில் வைத்தாள். மேல் ஸ 2093 ஹெர்ட்ஸ் வர வேண்டும். வந்தது 1859.

அன்று முழுக்கப் புரோகிராமை வரி வரியாக எண்ணினாள். டைமர் எண்ணி முடித்ததும் சிப் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தி, பின்னை மாற்றி, ஸ்வரம் இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்து, அதற்குப் பிறகே டைமரில் அடுத்த எண்ணைப் போட்டது. இந்த இடைவெளி ஒவ்வொரு தடவையும் முப்பது மைக்ரோசெகண்ட். 239 எண்ண வேண்டியது 269 ஆனது. கீழ் ஸ்தாயியில் எண்கள் பெரியவை, முப்பது அவ்வளவாகத் தெரியவில்லை. மேலே போனதும் உயர்ந்த ஸ்வரமே அதிகம் இறங்கியது. மாரியாத்தாள் முதல் மாதத்தில் பழகிய மேல் ஸ இப்போது நி பக்கம் தொங்கியது.

எல்லா எண்ணிலும் முப்பதைக் கழித்தாள். மீட்டர் 2093 காட்டியது.

கிருபாசங்கரிடம் போய்ச் சொன்னாள். அவர், "சிப்பை மாத்திப்போட்டு வந்திரு அம்மணி. கம்பெனி பேர்ல எதையும் எழுதிக் குடுத்துராத" என்றார்.

மில்லில் ஆபீசர் அரங்கசாமி புதுச் சிப்பைப் போட்டுக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். தப்பு புரோகிராமில்தான், அந்தம்மாவின் காதில் இல்லை என்று அக்கா சொன்னாள். வாயால் சொல்வதை மேலே அனுப்ப முடியாது என்றார் அவர்.

அக்கா கழிவுப் பிரிவுக்கு நடந்தாள். மாரியாத்தாள் முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு பஞ்சை அள்ளிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னதும் முந்தானையை அவிழ்த்தார்.

"அப்ப என்ற காது செரியாத்தான் இருக்குதுங்களா?"

"செரியாத்தான் இருக்குதுங்க. தப்பு நான் பண்ணினதுங்க."

"ஊட்ல பையன் கூப்பிட்டாக்கூட, கேட்டுச்சா கேக்கலயான்னு நின்னு ரோசனை பண்றனுங்க இப்பெல்லாம்." இருமல் வந்து நின்றது. "அதை ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க அம்மணி. பேசுனா ஆருங்க நம்புவாங்க."

அக்கா பையிலிருந்த தாளில் 2093, 1859 இரண்டையும் எழுதி, காரணத்தை நாலு வரியில் எழுதி, கம்பெனி பேர் போடாமல் தன் பேரைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

பத்து நாளில் மாரியாத்தாள் சோதனை அறைக்குத் திரும்பினார். கடிதம் எப்படியோ கிருபாசங்கரிடமும் வந்து சேர்ந்தது. அவர் திட்டவில்லை. புரோகிராம் எழுத வேறு ஆள் வைத்தார். அக்கா இப்போது எட்டாவது ஆளாகச் சால்டரிங் வைக்கிறாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.