பதினேழாம் வரியில் வந்த பஸ்

கடிதம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. திகனயில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவனுக்கு அந்த நினைப்புக்கூட இல்லாவிட்டால் எப்படி?

என் மனைவிக்குக் கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஆறு மணிக்குக் கடையை விட்டிறங்கி, ஆறு இருபது பஸ்ஸைப் பிடித்து வீடு வந்துவிடுவாள். எங்கள் வீடு தெல்தெனியவிலிருந்து மேலே ஏறும் பாதையில். அந்தப் பக்கம் வரும் கடைசி பஸ் அதுதான். அந்தக் கடைசி பஸ்ஸைத்தான் திடீரென்று ஐந்து ஐம்பதுக்கு எடுக்கத் தொடங்கினார்கள். முதலாளி ஒரு மாதத்துக்கு மட்டும் அவளை முன்கூட்டியே போக விடுவதாகச் சொன்னார். அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார். பஸ் பழைய நேரத்துக்குத் திரும்பாவிட்டால் வேலையை விடத்தான் வேண்டும். அவளுக்கோ அந்த வேலை என்றால் உயிர்.

பஸ்ஸில் வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கி, டிப்போ முகாமையாளருக்கு அனுப்ப நான் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். வாசித்துக் காட்டினேன். அவள் கொட்டாவி விட்டாள்!

"ஏங்க, பஸ் எப்ப வரும் இதுல?"

"வரும், வரும். பொறுமையா கேளு."

"நானே எழுதிக்கிறேன்" என்று கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தாள். பத்து நிமிடத்தில் முடித்தும் விட்டாள். அரைப்பக்கம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வணக்கம் இல்லை, பணிவு இல்லை, எடுத்த எடுப்பிலேயே "பஸ்ஸை ஆறு இருபதுக்கு விடவும்" என்றிருந்தது. கடன்காரனிடம் பேசுகிற மாதிரி!

ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு திகனயில் ஒரு டைப்பிங் கடைக்குப் போனோம். சிங்களத்தில் மொழிபெயர்த்து அடித்துத் தருகிற பெண் அங்கே இருக்கிறாள். எங்கள் சண்டையைக் கேட்டுச் சிரித்தாள். "கொஞ்சம் இருங்க சேர்" என்று என்னுடையதைக் கையில் எடுத்தாள். என் மனைவியுடையதை, போட்டோக்கொப்பி எடுக்க வந்து காத்திருந்த ஒரு பெரியவரிடம் கொடுத்தாள். வாசிக்க ஒரே ஒரு நிமிடம். பிறகு இரண்டு தாளையும் மேசையில் கவிழ்த்துவைத்துவிட்டு, "டிப்போ என்ன செய்யணுமாம்?" என்று பெரியவரிடம் கேட்டாள்.

"பஸ்ஸ ஆறு இருவதுக்கு எடுக்கணும்" என்றார் அவர். "ஆனா எதுக்கு எடுக்கணும்? அந்தப் பொம்பளைக்கு வேல போகும்னா டிப்போவுக்கு என்ன?"

என் மனைவியின் முகம் சுருங்கியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சேர், உங்கடத நான் படிச்ச மட்டுக்கும்" என்று தயங்கினாள் அந்தப் பெண், "ரோட்டத் திருத்தித் தரச் சொல்றீங்க போல."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. பாதையின் வரலாற்றோடு தொடங்கியிருந்தேன், அது உண்மைதான்.

அந்தப் பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோரிக்கை வருகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். மனைவியுடையதில் முதல் வரி. என்னுடையதில் எண்ணிப் பார்த்தால் பதினேழாவது வரி! அதற்கும் கீழே, கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வாக்கியத்தில் அவள் பென்சில் நின்றது.

"அல்லாஹ்வே! இது மெய்யா சேர்? முந்தி வாற பஸ் தெல்தெனியவில அரை மணித்தியாலம் சும்மா நிக்குதா?"

மெய்தான். கண்டியிலிருந்துதான் முந்தி எடுத்தார்கள். தெல்தெனியவிலிருந்து மேலே ஏறுகிற நேரம் மாறவே இல்லை. பழைய நேரத்துக்கு எடுத்தாலும் டிப்போவுக்கு ஒரு நட்டமும் கிடையாது. மனைவி அதை எழுதவே இல்லை, அவர்களுக்குத் தெரியும்தானே என்று விட்டுவிட்டாளாம். நான் எழுதி, ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில் புதைத்து வைத்திருந்தேன்.

அங்கேயே மூன்றாவது கடிதம் ஒன்று உருவானது. ஐயா என்று விளித்து, கீழே கோடிட்ட தலைப்பு. முதல் பத்தி மனைவியின் கோரிக்கை. இரண்டாவது என்னுடைய அரை மணித்தியாலம். மூன்றாவது, அந்த பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகிறவர்கள். கையெழுத்துகளை இணைப்பாக வைத்தோம். பாதையின் வரலாறு போயே போய்விட்டது. மனசில்லாமல்தான் சம்மதித்தேன்.

முதலாளி தந்த மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது பதில் வந்தது, சிங்களத்தில். மனைவி நின்றபடியே வாசித்துத் தமிழில் சொன்னாள். "தங்களுடைய கடிதம் கிடைக்கப்பெற்றதோடு, பயணிகளின் நலனில் எமது டிப்போ எப்போதும் கொண்டுள்ள அக்கறையின் நிமித்தம், மேற்படி விடயம் உரிய அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டு..."

"அட, பஸ் வருமா வராதா, அத முதல்ல சொல்லித் தொலை!" என்று கத்திவிட்டேன்.

அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பொறுமையா கேளுங்க" என்றாள். பிறகு விரலால் வரிகளைத் தடவி அடிக்குப் போனவள், அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"திங்கக்கெழமையிலருந்து ஆறு இருவதுங்க."