வலது தோளில் முந்தானை போட்டவள்

சரஸ்வதியம்மாளுக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. செத்துப்போன அப்பாவோடுகூட வருஷக்கணக்கில் பேச்சில்லாமல் இருந்தவர் அவர்.

காரணம், அப்பா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த ஒரு போட்டோ. கொழும்பில் கடைக் கணக்கராக இருந்த காலத்தில் எடுத்தது. கோட்டு போட்டு அப்பா நிற்கிறார். இடப்பக்கம் மடியில் குழந்தையோடு யாரோ ஒருத்தி! முந்தானை வலது தோளில். நம்மூர்ப் பெண் யார் அப்படிப் போடுவாள்? அன்றே அது அடுக்களைப் பரணுக்குப் போயிற்று. பூஜையறையில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு இடமில்லை என்றும் தீர்ப்பாயிற்று.

2006-ல் மகன் உமாசங்கர் பழவங்காடி பிரவுசிங் சென்டரில் அந்தப் போட்டோவின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்தான். பழைய போட்டோக்களைத் துப்புத் துலக்கும் ஒரு இணைய மன்றத்தில் போடுவதற்காக. சரஸ்வதியம்மாள் கூடவே போய் உட்கார்ந்துகொண்டார்.

"அவளுக்குத் திருட்டு மூக்குன்னு எழுதுலே."

"அம்மா, அவங்களுக்குத் தெளிவான கேள்வி வேணும். ஏச்செல்லாம் எழுதக் கூடாதுல்லா."

கவனித்ததை எழுதினான்: பின்புறம் கொழும்பு ஸ்டூடியோ முத்திரை, ஆண்டு இல்லை, ஆணின் காலடியில் நிழல் உண்டு, பெண்ணுக்கு இல்லை. பிறகு கேள்விகள்: இப்படிச் சேலை கட்டுவது எந்த ஊர் வழக்கம்? முத்திரை எந்தக் காலத்தது? நிழல் ஏன் ஒருவருக்கு மட்டும்?

"நிழல் இல்லல்லா? அப்போ பேயாக்கும்," என்றார் சரஸ்வதியம்மாள். கொஞ்சம் திருப்தியாகவே சொன்னார்.

மறுவாரம் பழந்தின்று கொட்டை போட்ட ஒருவர் பதில் போட்டிருந்தார். உமாசங்கர் தமிழில் சொன்னான். "முத்திரை பற்றித் தெரியாது. ஊரைத் தேடாதீர்கள். இது இரண்டு படங்களை வெட்டி ஒட்டி மறுபடி எடுத்தது. நிழல் அதனால்தான் இல்லை. மனைவியை இடப்பக்கம் வைத்தால் முகம் கணவனுக்கு எதிர்ப்புறம் திரும்பியிருக்கும் என்று, ஸ்டூடியோக்காரர் அந்தப் பெண்ணின் படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கலாம். முகத்தை நம்பாதீர்கள், தூரிகையால் டச்சிங் செய்து மாற்றியிருப்பார்கள். வீட்டில் குழந்தையோடு ஒரு பெண் படம் இருந்தால் இதைக் கண்ணாடியில் காட்டி, சேலை மடிப்பை ஒப்பிடுங்கள்."

வீட்டில் அப்படி ஒரே ஒரு படம்தான் இருந்தது. பூஜையறையில், மாலையோடு. கைக்குழந்தை சரஸ்வதியை மடியில் வைத்த அம்மா. தீட்டுப்பட்டது போல ஒதுக்கிய போட்டோ அந்த அறை வாசலைக்கூடத் தாண்டியதில்லை. பக்கத்தில் வைத்தால்தானே தெரியும்!

பரணிலிருந்து இறக்கி, கண்ணாடிக்கு நேரே பிடித்தான் உமாசங்கர். முந்தானை இடது தோளுக்கு வந்தது. மடிப்புக்கு மடிப்பு அதேதான். குழந்தை சேலையைப் பற்றியிருந்த விரல்களும் அதேதான்.

சரஸ்வதியம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடிக்குள் தெரிந்த அப்பாவைத் தொடப்போய், கண்ணாடியைத்தான் தொட்டார்.

"கப்பலுக்குக் காசில்லன்னு எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போனாரு. அங்க போயி படத்துல எங்கள இப்பிடிக் கூட்டி வெச்சிருக்காருலே, உமா. இத்தன வருஷம் நான் அவருகிட்ட ஒரு வார்த்த பேசலியே."