புலவரின் பதினான்கு பக்கமும் என் எட்டு வரியும்

எழுபதுகளில் எனக்குத் திருத்தணி பஜாரில் உரக்கடை. கூடவே சென்னை நாளிதழ் ஒன்றுக்குப் பகுதிநேர நிருபர் வேலையும் பார்த்தேன். கிருத்திகைக் கூட்டம், பஸ் விபத்து, சாவு, எதுவானாலும் எழுதி, கவரில் போட்டு ரயிலில் கொடுத்தனுப்புவேன்.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் முன்னாள் செயலாளர் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஊரில் அவரைப் புலவர் என்போம். பேசி முடித்த கையோடு, எழுதி வைத்திருந்த பதினான்கு பக்கத்தையும் என்னிடம் திணித்தார்.

"ஒரு எழுத்து கொறையாம வரணும் தம்பி."

எனக்குக் கிடைக்கும் இடம் எட்டு வரி. செய்தி ஆசிரியரோ கறாரான ஆள். காலமானார் செய்தியில் புகழ்ச்சி கூடாது, தெரிந்தவர்களிடம் கேட்டு உறுதி செய்யாத ஒரு தகவலும் போகக்கூடாது என்பார்.

சிவப்புப் பென்சிலை எடுத்தேன். 'நெசவாளர் கண்ணீர் துடைத்த கருணைக் கடல்' முதலில் போயிற்று. அதில் சரிபார்க்க ஒன்றுமில்லை. 'முப்பது ஆண்டுகள் செயலாளர்' என்பதைச் சங்கத்தில் கேட்டேன். செயலாளராகப் பத்தொன்பதுதான், அதற்கு முன் குமாஸ்தா என்றார்கள். திருத்தணியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நடந்த எல்லைப் போராட்டத்தில் சிறை சென்றார் என்றும் இருந்தது. அப்போது உள்ளே போய் வந்த ஒருவர் டீக்கடை வைத்திருந்தார்.

"அவரு உள்ள வரலியே. வெளியில இருந்துகினு எங்களுக்குச் சோறு அனுப்புவாரு" என்றார்.

அதையும் அடித்தேன். செத்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் புலவர் வாயில் விழுந்தால் யாரும் தெய்வமாகாமல் எழுந்திருக்க முடியாது.

கடைசியில் ஒரு வரி நின்றது. 'இல்லறம் நாடாது, தணிகை மலையானுக்கே தன்னை ஒப்புக்கொடுத்த பிரம்மச்சாரி.' அதை விசாரிக்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் தனியாள் என்பது ஊரறிந்த சங்கதி. வயதைக் கேட்கத்தான் வீட்டுக்குப் போனேன்.

அறுபத்து நாலு என்று இறந்தவரின் தம்பி சொன்னார். வயதான அக்கா தலையாட்டினார். தறிக்குப் பக்கத்தில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எல்லா வீட்டிலும் கேட்பதை இங்கேயும் கேட்டுவைத்தேன்.

"மனைவி, மக்கள்னு யாராவது?"

"அண்ணனுக்கு யாரும் இல்லீங்க" என்றார் தம்பி.

"நான் இருக்கறேனே" என்றார் அந்த அம்மாள்.

நகரியிலிருந்து, சாவு தெரிந்து வந்தவர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூடச் சேர்ந்து வாழவில்லை. தாய்வீடு போனவரைக் கணவர் கூப்பிடப் போகவில்லை, இவரும் திரும்பவில்லை. சேதி தாமதமாகக் கிடைத்ததால் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

தம்பி கொதித்துப் போனார். "இத்தினி வருசம் இல்லாம இப்ப பங்கு கேக்க வந்துகினு!"

"பங்கு வேணாங்க. பத்தாம் நாளு பொண்டாட்டிக்குச் செய்யறத எனக்குச் செய்யுங்க. இவ யாருன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா போதும்."

எனக்குப் பெரிய தர்மசங்கடம். "ஆளுக்கு ஒண்ணு சொன்னா நான் ரெண்டையும் எழுத முடியாதுங்க. பிரம்மச்சாரின்னும் வராது, மனைவின்னும் வராது" என்று எழுந்தேன். நியாயமாகத்தான் பேசினேன். ஆனாலும் அந்த அம்மாள் தலை குனிந்தபோது எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

அதுவரை வாய் திறக்காத அக்கா, "உக்காருப்பா" என்றார். "தாலியில மூணாவது முடிச்சு நாத்தனார்தானே போடணும்? இந்தக் கையாலதான் போட்டேன். அத எப்படி இல்லைன்றது? எழுதிக்கோ." பிறகு தம்பியைப் பார்த்தார். "டேய், அன்னிக்குப் பந்தியில தண்ணி ஊத்தினவன் நீதானே? சொல்லு."

தம்பி தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆங், ஊத்தினேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. பெயர், ஊர், வயது, முன்னாள் செயலாளர், பத்தொன்பது ஆண்டுகள். 'அவருக்கு மனைவி, அக்கா, தம்பி உள்ளனர்' என்பது கடைசி வரி.

புலவர் கடைக்கே வந்து சண்டை போட்டார். "காவியத்தைக் குடுத்தேன், ரேஷன் கார்டு ஆக்கிட்டியே! அதுல மனைவி வேற!" அதன் பிறகு பல மாதம் என்னோடு பேசவில்லை.

பத்தாம் நாள் காலையில் போனேன். அக்கா அந்த அம்மாளைக் கைப்பிடித்து அழைத்துவந்து, கூடத்தின் நடுவில் மணையில் உட்கார வைத்தார். கை நிறைய வளையல், தலை நிறையப் பூ. சுற்றிலும் பெண்கள் அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சடங்கைக் கண்டாலே ஆகாது, இன்றைக்கும் ஆகாது. எந்தப் பெண்ணும் உட்காரப் பயப்படும் மணை அது. அவர் அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், அழவில்லை.