எண் மட்டும் போதும் என்று நான் சொன்னது

எங்கள் கல்லூரி நூலகத்தில் உதவி நூலகர் இடம் ஒன்று காலியானபோது, வந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நூலகர் நான்தான், வேறு யார் தலையில் விழும்? திருச்சியில் நூலகப் படிப்பு முடித்துவிட்டு இத்தனை பேர் வேலைக்காகக் காத்திருக்கிறார்களா என்று முதலில் பாவமாக இருந்தது. பத்துக் கடிதம் படித்ததும் பாவம் போய் எரிச்சல் வந்தது. எல்லோரும் ஒரே இடத்திலிருந்து எடுத்து எழுதியிருந்தார்கள். எல்லோரும் கடின உழைப்பாளிகள். எல்லோரும் புத்தகங்களை உயிருக்கு உயிராக நேசித்தார்கள். நேசித்தால் ஆயிற்றா, அதை அடுக்கி வைப்பது யார் என்று தனியாக உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடிதக் கட்டுக்குள் ஒன்று மட்டும் தமிழில் இருந்தது. இரண்டு பக்கம். எழுதியவர் ஸ்ரீரங்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன நூலகத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்த பெண். தன் அருமை பெருமை எதையும் சொல்லாமல் நேராக வேலைக்குள் போயிருந்தார்.

‘எங்கள் பட்டியலில் ஒரே ஆசிரியர் மூன்று ஆளாக இருந்தார். இனிஷியல் முன்னால் போட்டு ஒருவர், பின்னால் போட்டு ஒருவர், இனிஷியலே இல்லாமல் ஒருவர். ஒரு வடிவத்தை நிலையாக வைத்து, மற்ற இரண்டில் எதைத் தேடினாலும் அங்கே கொண்டுபோய் விடும்படி குறிப்புச் சேர்த்தேன். இதை முடிக்க எட்டு மாதம் ஆனது’ என்று இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வேலையைச் செய்தவர்களுக்குத்தான் அந்த எட்டு மாதம் என்னவென்று தெரியும்.

வாசகர்களைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: ‘வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியதாக இருப்பதில்லை. நாம் என்ன நினைப்போமோ என்று கூசிக்கொண்டு வேறு எதையோ கேட்பார்கள். அதனால், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நான் இன்னொரு தடவை கேட்பேன். அப்போதுதான் உண்மையான கேள்வி வரும்.’

அடடா, இந்தப் பெண்ணை விடக் கூடாது என்று பென்சிலால் மேலே ஒரு டிக் போட்டேன். பிறகு பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டாம் பக்கத்தில் டிஜிட்டல் கோப்புகள். அந்த நூலகம் தன் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து வந்தது. கூடவே, சுற்றியிருக்கும் வீதிகளில் உள்ள வீடுகளிலிருந்து பழைய கடிதங்கள், உற்சவப் பத்திரிகைகள், நந்தவனத்துச் சாசன நகல்கள் என்று இரவல் வாங்கி, ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. புத்தகத்துக்கு ஒரு பதிவேடு, இரவல் தாள்களுக்கு ஒரு பதிவேடு. இரண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஸ்கேன் செய்த ஒவ்வொரு கோப்புக்கும் பதிவேட்டு எண்ணே பெயர். வேறு எழுத்துக் கிடையாது.

‘கணினியை மாற்றும்போது இரண்டு ஃபோல்டரையும் ஒரே ஃபோல்டரில் சேர்க்கச் சொன்னார்கள். இரவலை முதலில் போட்டேன், புத்தகங்களை அப்புறம் போட்டேன். அதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா என்று கேட்டது. பழைய நகல்தான் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் ஆம் கொடுத்துவிட்டேன். இரவல் ஒன்று முதல் நூற்று நாற்பது வரை அழிந்தன. தெரியவந்தபோது பழைய கணினியையும் சுத்தமாக அழித்திருந்தார்கள். விடுமுறை நாட்களில் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி ஸ்கேன் செய்தேன். பதினொன்று கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் எல்லாவற்றையும் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பயிற்சியில் கொடுத்த தாளின்படிதான் பெயர் வைத்தேன் என்றாலும், இரண்டு பதிவேடும் என் மேஜையில்தான் இருந்தன. தவறு என்னுடையது.’

பயிற்சியில் கொடுத்த தாள். அந்த மூன்று வார்த்தையை மறுபடியும் படித்தேன்.

அந்தப் பயிற்சியைக் கொடுத்தது நான். எங்கள் கல்லூரியில்தான் நடந்தது, ஒரே ஒரு நாள். உப்பிலியபுரத்திலிருந்தெல்லாம் சின்ன நூலகங்களில் வேலை பார்க்கிறவர்கள் வந்திருந்தார்கள். ஒரு பக்கத் தாள் ஒன்று நானே டைப் செய்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது விதி: கோப்புக்குப் பதிவேட்டு எண் மட்டுமே பெயர். எங்கள் கல்லூரியில் ஒரே பதிவேடு, ஒரே வரிசை. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இல்லை, பொய் சொல்லக் கூடாது. நினைத்துக்கொண்டிருக்க முடியாதபடி ஒருத்தி கேட்டாள். பின்வரிசையிலிருந்து எழுந்து, “மேடம், எங்ககிட்ட ரெண்டு ரிஜிஸ்டர் இருக்குங்க. நம்பர் மோதிக்காதுங்களா?” என்று கேட்டாள். மணி நாலரை. தொண்டை கட்டியிருந்தது. “சொன்னதை மட்டும் செய்ங்கம்மா. ஒண்ணு ரெண்டுன்னு குழப்பாதீங்க” என்று வெடுக்கென்று சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். சரியான கேள்வி அது. இரவல் கோப்புக்கு முன்னால் ஓர் எழுத்துச் சேருங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

கடிதத்தில் அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒருவேளை கேட்டது வேறு யாரோ, இவள் இல்லை என்று இரண்டு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நேர்காணலுக்கு மூன்று பேர் உட்கார்ந்தோம். முதல்வர் ஃபாதர், நிர்வாகத்திலிருந்து செயலர், நான். அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததுமே தெரிந்துவிட்டது. பின்வரிசையில் எழுந்து நின்ற அதே பெண். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்வதாகச் சொன்னாள். அவளுக்கு வயது முப்பத்தைந்து முடிய நான்கு மாதம் இருந்தது. எங்கள் நிர்வாகத்தில் இந்த வேலைக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. மற்ற கல்லூரிகளிலும் கிட்டத்தட்ட அதுதான். இதை விட்டால் அவளுக்கு நூலக வேலை என்பதே இல்லை.

கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள். ஃபாதர் முகத்தில் திருப்தி தெரிந்தது. செயலர் மட்டும் இரண்டாம் பக்கத்தைவிட்டு விரலை எடுக்கவில்லை.

“நூத்தி நாப்பது ஃபைல் போயிருக்கு. ஏதோ ட்ரெய்னிங்ல கொடுத்த தாள்னு எழுதியிருக்கீங்களே, யாரு கொடுத்த ட்ரெய்னிங்ம்மா அது?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தாள்.

“அது ரொம்ப நாள் ஆச்சுங்க சார். தப்பு என்னோடதுதாங்க.”

இப்போது பேசு, இப்போதே பேசு என்று எனக்குள் அடித்துக்கொண்டது. முப்பது வருஷமாக வாய்க்கு வந்தபடி எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். செயலர், “சரிம்மா, சொல்லி அனுப்புறோம்” என்றார். அவள் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கதவு சாத்திய பிறகுதான் என் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். ஆமாம், பையிலேயே வைத்திருந்தேன். மேஜையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டதையும் நான் அதட்டியதையும்கூட விடவில்லை.

செயலர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உங்களுக்கு இளகின மனசுங்க மேடம். வெளியில கடுகடுன்னு இருக்கீங்க. அந்தப் பொண்ணுக்காகப் பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்கிறீங்க.”

“இல்லீங்க சார், நிஜமாவே...”

“யாரு தப்பா இருந்தாலும் இருக்கட்டும். அவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. இந்த லெட்டர் ஃபைல்ல இருக்கும்ங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணு தொலைஞ்சா, தெரிஞ்சே ஏன் எடுத்தீங்கன்னு நிர்வாகம் என்னைத்தான் கேக்கும்.”

ஃபாதர் தாளை வாங்கிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். “அந்தப் பொண்ணு இங்க உக்காந்திருந்தப்பவே ஏன் சொல்லலை நீங்க?”

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். புத்தகங்களை உயிருக்கு உயிராக நேசித்த ஒருவருக்கு அந்த வேலை கிடைத்தது. நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் கடிதத்தில் இருந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். ஜெராக்ஸ் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. வேலை கிடைக்கவில்லை என்று சொன்னேன். “சரிங்க மேடம், நீங்களே கூப்ட்டுச் சொன்னதுக்கு நன்றிங்க” என்றாள்.

“அன்னைக்கு ட்ரெய்னிங்ல எழுந்து கேட்டது நீங்கதானேம்மா?”

இயந்திரச் சத்தம் நின்றது. நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது.

“ஆமாங்க மேடம்.”

“அத ஏன் லெட்டர்ல எழுதலை?”

“எழுதியிருந்தேங்க. அப்புறம் எடுத்துட்டேன். நீங்க அங்க உக்காந்திருப்பீங்கன்னு தெரியும். எழுதினா உங்களை மாட்டி விட்ட மாதிரி ஆயிடும். எழுதாம விட்டா, நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கக்கேடு. அவள் என்னை நம்பி ஒரு வரியை எடுத்திருக்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறேன். நீங்கள் போன பிறகு சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

“வேற ஏதாவது கேக்கணுங்களா மேடம்?” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா.”

அவள் போனை வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, “வேற ஏதாவது?” என்று மறுபடியும் கேட்டாள்.

“என்னை மன்னிச்சிடும்மா. ஸ்ரீரங்கத்துல அந்த லைப்ரரிக்கு நான் எழுதித் தரட்டுமா? என் தாள்னாலதான் எல்லாம் ஆச்சுன்னு. நீங்க முன்னாடியே கேட்டீங்கன்னும்.”

“அவங்க திரும்பக் கூப்பிட மாட்டாங்க மேடம். வேற ஆள் போட்டாச்சு.”

“தெரியும்மா. இருந்தாலும்.”

கடைக்கு யாரோ வந்தார்கள். முன்னும் பின்னும் வேண்டுமா என்று அவரிடம் கேட்டாள். பிறகு போனுக்குத் திரும்பி வந்தாள்.

“எழுதுங்க மேடம். ஆனா எனக்காகன்னு எழுதாதீங்க. உங்க பேரைப் போட்டு எழுதுங்க.”

போனை வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டு, அடுத்த வரிக்கு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.